மடங்கிய கட்டிலும் மடங்காத சகலையும்

பெயிண்ட் கடைக்காரர் தன் கோரிக்கைகளைக் கடையின் கலர் கார்டுக்குப் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முன்பக்கம் பச்சையில் பதினாறு சாயல். பின்பக்கம் ஐந்து கோரிக்கை. கட்டிலுக்குக் கொடுத்த பணம் முழுதும் வேண்டும். அதோடு புதுக் கட்டில் ஒன்றும் வேண்டும். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம். கம்பெனிக்காரன் பேப்பரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசியாக, 'மேற்படியாருக்குத் தக்க பாடம்.'

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜையில் இருந்த பேனாக்கள் லேசாக நடுங்கும். அவருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே அட்டையைப் படித்தார், திருப்பிப் பச்சைகளையும் பார்த்தார்.

"முன்பக்கம் நல்லா இருக்கு சார்."

"பின்பக்கம்?"

"பணமும் வேணும், புதுக் கட்டிலும் வேணும்னா எப்படி? மாட்டை வித்துட்டு, அதே மாட்டுல பாலும் கேக்கறீங்க."

"மேடம், நூறுன்னு சொன்னாத்தான் எதிராளி அறுபதுக்கு வருவான். நான் பொறந்ததுல இருந்து கல்லாப்பெட்டி பக்கத்துலதான் இருக்கேன்."

"கடையில நீங்க சொல்ற விலைக்கு அவர் பதில் விலை சொல்வாரு. நுகர்வோர் மன்றத்துல பதில் விலை கிடையாது, கேள்விதான். எதுக்கு இவ்வளவு, யார் செலவு பண்ணாங்க, எங்க ரசீதுன்னு கேப்பாங்க. பதில் இல்லாததை வெட்டிடுவாங்க. ஒண்ணை வெட்டின பேனா பக்கத்துல இருக்கறதையும் சந்தேகமாத்தான் பாக்கும்."

வக்கீலம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. புகாரின் முடிவில் வரும் 'கோரும் பரிகாரம்' என்ற பகுதியில் எந்த வரியும் அனாதையாக நிற்கக் கூடாது. மேலே சம்பவத்தைச் சொல்லும் பத்தி அதற்கு அப்பா. பின்னால் இணைக்கும் ரசீது அம்மா. பெற்றோர் இருவரையும் காட்ட முடியாத கோரிக்கையை அவர் உள்ளே விடுவதில்லை. பெயிண்ட் கடைக்காரரின் பத்து லட்சத்தைத் தொட்டுக் கேட்டார்.

"இவரு யாரு பெத்த பிள்ளை?"

"மன உளைச்சல்."

"சரி. என்ன உளைச்சல்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பேச வேண்டியது நான்."

பெயிண்ட் கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார்.

மாமனாருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். எழ வேண்டும், படுக்க வேண்டும், ஆனால் இடுப்பை அதிகமாக மடக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். மூத்த மருமகன் என்ற முறையில் பெயிண்ட் கடைக்காரர் தாராளமாகச் செலவு செய்தார். ரிமோட்டை அழுத்தினால் தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும் மோட்டார் கட்டில். ரசீது அவர் பெயரில். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பொருளைப் பேரம் பேசாமல் வாங்கினார். காரணம், அந்த வீட்டில் இளைய மாப்பிள்ளை வந்தால் மாமனார் டிவி சத்தத்தைக் குறைப்பார். மூத்தவர் வந்தால் டிவி பாட்டுக்கு அலறிக்கொண்டிருக்கும். கட்டில் வந்த வாரம் மூத்தவருக்கும் சத்தம் குறைந்தது. பெயிண்ட் கடைக்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்கப்பா இன்னைக்கு ரிமோட்டைக் கையில எடுத்தாரு," என்று சொன்னார். "எந்த ரிமோட்டை?" என்று கேட்டாள் அவள். "ரெண்டையும்!" என்றார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மொத்தக் குடும்பமும் வீட்டில் இருக்கும்போது, கட்டில் தலையையும் காலையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ரிமோட் செத்துவிட்டது. மாமனார் பாதி மூடின புத்தகம் மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் வக்கீலம்மா, எழுதிக்கொண்டே.

"அப்புறம் என்ன, என் சகலை வந்தாரு."

பேனா நின்றது. பெயிண்ட் கடைக்காரர் நிற்கவில்லை.

"அவரு லிஃப்ட் கம்பெனியில சூப்பர்வைசர் மேடம். வண்டி டிக்கியில எப்பவும் ஸ்பானர் பை. கல்யாணத்துக்கு வந்தாலும் அந்தப் பை வரும். நான் கஸ்டமர் கேருக்கு போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்கேன். பாட்டு போடறான், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு. இவரு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வராரு. 'தள்ளுங்க சகல'ன்னாரு. மோட்டார் மூடியைக் கழட்டினாரு, எதையோ திருகினாரு, கட்டில் பூ மாதிரி இறங்குச்சு. எல்லாரும் கை தட்டறாங்க மேடம்! என் பொண்டாட்டி தட்டறா! என் புள்ளைங்க தட்டுது! மாமனார் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நல்லவேளை மாப்பிள்ளை'ங்கறாரு. நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறேன், பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. வாங்கினது யாரு? நான். பேரு வாங்கினது யாரு?"

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். எதிர்தரப்பு யாரு? கட்டில் கம்பெனியா, உங்க சகலையா?"

பெயிண்ட் கடைக்காரர் கலர் கார்டைத் திருப்பிப் பச்சைகளைப் பார்த்தார். அவர் முகமும் அதில் ஒரு சாயலுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

*

வேலை ஆரம்பமானது. பணமா, புதுக் கட்டிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் வக்கீலம்மா. அந்தக் கட்டிலின் வம்சத்தில் எதிலும் மாமனார் இனிப் படுக்க மாட்டார் என்பதால் பணம் என்று முடிவானது. பணம் கட்டிய தேதியிலிருந்து திரும்பி வரும் தேதி வரைக்கும் வட்டி. பழுதான கட்டிலை அவர்களே தங்கள் செலவில் வந்து தூக்கிப்போக வேண்டும். "இதை எழுதலன்னா அது உங்க மாமனார் ஹால்லயே பேரன் கல்யாணம் வரை இருக்கும்." விற்ற கடையும் தயாரித்த கம்பெனியும் சேர்ந்தோ தனித்தனியாகவோ பொறுப்பு. உத்தரவு வந்து இத்தனை நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டி கூடும். பத்திரிகை மன்னிப்பைத் தூக்கினார், அவர்கள் பத்திரிகையில் உங்களை எதுவும் சொல்லவில்லையே என்று. 'தக்க பாடம்' என்பதைத் தூக்கும்போது மட்டும் பெயிண்ட் கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

சில வாரம் கழித்து அடுத்த சந்திப்பில் வக்கீலம்மா ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். அவர் அனுப்பிய நோட்டீஸுக்குக் கம்பெனி கொடுத்த பதில். 'வாடிக்கையாளர் தரப்பில் அங்கீகாரமற்ற நபர் மோட்டார் மூடியைத் திறந்துள்ளபடியால் வாரண்டி செல்லாது' என்றது அது.

பெயிண்ட் கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். இத்தனை நாளில் அவர் படித்த மிக இனிமையான வாக்கியம் அது.

"நான் அப்பவே சொன்னேன் மேடம்! 'கை வைக்காதீங்க சகல, வாரண்டி போயிடும்'னு கத்தினேன். யாரு கேட்டா? கெடுத்தது அவருதான்!"

"சந்தோஷப்படாதீங்க. அவர் கெடுத்தாருன்னா கட்டில் பணம் போச்சு."

"ஐயோ."

"அவர் திறந்தது சரின்னு நாமதான் காட்டணும். எப்படிக் காட்டறது? வேற வழியில்லாம திறந்தாருன்னு. பெரியவரோட இடுப்பு மடங்கக் கூடாத அளவுக்கு மடங்கிக் கிடந்துச்சு, டாக்டர் சீட்டு இருக்கு. கஸ்டமர் கேர் எடுக்கல, உங்க போன்ல பதிவு இருக்கு. கடை ஞாயித்துக்கிழமை லீவு. இதுக்கப்புறம்தான் மாட்டிக்கிட்ட மனுஷங்களை வெளிய எடுக்கறதையே தொழிலா வச்சிருக்கற ஒருத்தர், மெஷின் தெரிஞ்சவர், நிதானமா திறந்து இறக்கினாரு. நீங்க முதல்ல தடுத்ததையும் எழுதணும்."

"அதை எதுக்கு மேடம்?"

"அதுதான் நம்ம பலம். வாரண்டி போயிடுமேன்னு பயந்து, கம்பெனியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிடைக்காமத்தான் திறந்தீங்கன்னு ஆகுதே."

ஆக, முதல் கோரிக்கைக்கு அப்பா சகலை. பெயிண்ட் கடைக்காரர் தண்ணீர் கேட்டார்.

"ரெண்டாவது. அன்னைக்கு ராத்திரியே வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்துச்சுன்னீங்க. மாச வாடகை ஓடிக்கிட்டு இருக்கு. அருமையான கோரிக்கை சார் இது. பழுதால நேரா வந்த செலவு, மாசாமாசம் ரசீது. பணம் கைக்கு வர்ற வரைக்கும் வாடகையும் கேக்கலாம். ரசீதுகளைக் கொடுங்க."

பெயிண்ட் கடைக்காரர் தண்ணீரை மெதுவாகக் குடித்தார்.

"அதை விட்ருவோம் மேடம். சின்னக் காசு."

"பத்து லட்சம் கேட்டவர் ரசீது இருக்கற காசை விடறாராமா? யார் கட்டறது வாடகை?"

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடியது. பேனாக்கள் நடுங்கின.

"புரிஞ்சுபோச்சு," என்றார் வக்கீலம்மா. "ஆனா அதுல ஒரு சிக்கல். உங்க சகலை அந்தக் கம்பெனிகிட்ட எதுவும் வாங்கல, அதனால அவரா கேக்க முடியாது. நீங்க செலவு பண்ணல, அதனால நீங்களும் கேக்க முடியாது. காசு ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்து கிடக்கு. நீங்க அவருக்கு அந்தப் பணத்தை பேங்க் வழியா அனுப்பிடுங்க. வாங்கிக்கிட்டேன்னும், அன்னைக்கு நடந்தது இதுன்னும் அவர் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்கட்டும். அப்ப அது உங்க செலவு."

வாடகைப் பணத்தைக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டிலும் தன்னுடையது! பெயிண்ட் கடைக்காரர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பொறாமைக்காரனுக்குக் கடவுள் எப்போதாவதுதான் தள்ளுபடி விலையில் சந்தர்ப்பம் தருவார்.

*

சகலை ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில் இருந்தார். பெரிய சக்கரம் ஒன்று கம்பிகளைச் சுற்றிக்கொண்டு உருண்டது. லிஃப்ட் பழுது பார்க்கப்படுவதால் பெயிண்ட் கடைக்காரர் படியேறி வந்திருந்தார். இதுவும் சகலையின் ஏற்பாடு என்றே அவருக்குப் பட்டது.

"வாங்க சகல! இவ்வளவு தூரம்! உக்காருங்க, அந்தப் பெட்டி மேல. கிரீஸ் இல்ல, பாத்துட்டேன்."

மூச்சு வாங்கி முடித்துப் பெயிண்ட் கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். சகலை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பணம் என்றதும் தலையை ஆட்டினார்.

"சேச்சே. அதைப் போய் உங்ககிட்ட வாங்குவேனா? மாமாவுக்குச் செஞ்சது."

"அப்படிச் சொல்லக் கூடாது. நியாயம்னு ஒண்ணு இருக்கே."

"வேணாம் சகல."

"கொஞ்சம் கூடவே தரேன்."

"கூடத் தரீங்களா? நீங்களா?" சகலை சிரித்தார். "போன வருஷம் உங்க கடையில எனக்கு ஒரு டப்பா வார்னிஷுக்கு பிரஷ் சும்மா தரமாட்டேன்னீங்க."

கொடுப்பவர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார், வாங்குபவர் இறங்கிக்கொண்டே போகிறார். எந்தச் சந்தையிலும் இப்படியொரு பேரம் நடந்திருக்காது. தன் பரம்பரையில் யாரும் ஒருவனிடம் 'முழுசா வாங்கிக்கய்யா' என்று கெஞ்சியதில்லை என்பது பெயிண்ட் கடைக்காரருக்கு நினைவு வந்தது. கடைசியில் பொறுமை போய்விட்டது.

"ஏன்யா வாங்க மாட்டேங்கறீங்க? நல்லவன்னு பேர் எடுத்தது போதாதா?"

சகலை ஒரு சுவிட்சை அணைத்தார். சக்கரம் நின்றது. அறை திடீரென்று அமைதியானது.

"வெளிப்படையாச் சொல்லட்டுமா? மாமாவைப் பார்க்க யார் வந்தாலும், 'மூத்த மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த மோட்டார் கட்டில்'னு ரிமோட்டைக் காட்டுவாரு. பால்காரர்கிட்டகூடக் காட்டினாரு. மூணு நாள் என் வீட்ல சோறு இறங்கல. 'நீங்களும் இருக்கீங்களே'ன்னா என் பொண்டாட்டி. கட்டில் மக்கர் பண்ணினப்ப எனக்கு..." என்று நிறுத்தி, துணியைப் பார்த்துக்கொண்டார். "பாவம்தான், ஆனா கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இந்த வாடகை ஒண்ணுதான் அந்த வீட்ல என் கணக்கு. அதையும் நீங்க வாங்கிட்டீங்கன்னா, நான் அங்க என்னன்னு போய் நிக்கறது?"

பெயிண்ட் கடைக்காரர் பெட்டி மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னைப் பார்த்து ஒருவன் வயிறெரிந்திருக்கிறான் என்ற செய்தி, அவருக்கு இதுவரை யாரும் தராத பரிசு. எட்டு மாடி ஏறியதற்குக் கூலி கிடைத்துவிட்டது. உடனே வியாபாரி விழித்துக்கொண்டார்.

"சரி சகல. பணத்தை வாங்கிக்குங்க. பதிலுக்கு, புகார்ல நீங்க கட்டிலை இறக்கினதை ஒரு பத்தி எழுதறோம். மன்றத்துல சத்தமா படிப்பாங்க."

"எப்படி எழுதுவீங்க?"

"சகலை வந்து மூடியைக் கழட்டினார்னு."

"ப்ளம்பர் வந்து குழாயைக் கழட்டின மாதிரி இருக்கே. 'தன் உயிரையும் பொருட்படுத்தாமல்'னு போடுங்க."

"பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானேய்யா கழட்டினீங்க! உயிர் எங்க வந்துச்சு? 'உடனடியாக'ன்னு போடறேன்."

"'மிகுந்த தொழில் திறமையுடன்.'"

"'மிகுந்த' கிடையாது."

"அப்ப பணம் கிடையாது."

பேரம் மறுபடி நேரான திசையில் ஓடியதில் இருவருக்குமே உடம்பு தேறியது. 'மிகுந்த'வைக் கொடுத்து 'உயிரை' வாங்கிக்கொண்டார் பெயிண்ட் கடைக்காரர். வக்கீலம்மா பின்னால் இரண்டையும் அடித்துவிட்டு, 'லிஃப்ட் பராமரிப்பில் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ளவர், மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, கையால் திருகி இறக்கினார்' என்று எழுதினார். சகலை அதைப் படித்துவிட்டு, உரிச்சொல் ஒன்றுகூட இல்லாமலே இன்னும் பெரிய ஆளாகத் தெரிகிறோமே என்று வியந்தார். பெயிண்ட் கடைக்காரரும் அதைத்தான் கவனித்தார். வியக்கவில்லை.

*

மிச்சமிருந்தது மன உளைச்சல். வக்கீலம்மா மாமனாரிடமே கேட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தார். மாமனார் வாடகைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் தலைமாட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். டிவி அணைக்கப்பட்டிருந்தது. யாருக்காக என்று தெரியாததால் இருவரும் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

"ஐயா, அந்த அரை மணி நேரம் உங்களுக்கு என்ன கஷ்டம்? கொஞ்சம் சொல்லுங்க."

"இடுப்புல சுளீர்னுச்சு. புது மூட்டு கழண்டுடுச்சோன்னு பயம். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தாங்க, கழலல. ஆனா நடைப் பயிற்சியை முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. பயிற்சிக்காரர் பில்லு அலமாரியில இருக்கு. என் பென்ஷன்லதான் கட்டினேன்." மாமனார் கொஞ்சம் யோசித்தார். "இதை விடப் பெரிய கஷ்டம் ஒண்ணு இருந்துச்சும்மா. எழுதலாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"ஒருத்தன் 'கை வைக்காதே, வாரண்டி'ங்கறான். இன்னொருத்தன் 'தள்ளுய்யா'ங்கறான். நான் நடுவுல மடங்கிக் கிடக்கேன். ஒரே தண்டவாளத்துல எதிரும் புதிருமா ரெண்டு வண்டி. கொடி காட்டறதுக்குக் கை வேற தூக்க முடியல."

மாப்பிள்ளைகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"அதுக்கு இழப்பீடு கேட்டா யார்கிட்ட கேக்கறதுன்னு சட்டத்துல இல்லைங்கய்யா," என்றார் வக்கீலம்மா. மூக்கைத் துடைக்கிற சாக்கில் சிரித்துக்கொண்டார். "மத்தது எல்லாம் எழுதலாம்."

கட்டிலைப் பயன்படுத்தியவர் என்ற முறையில் மாமனாரையும் புகார்தாரராகச் சேர்த்தார். எக்ஸ்ரே செலவும் பயிற்சிக் கட்டணமும் தனி வரியானது. உளைச்சல் பெயிண்ட் கடைக்காரரிடமிருந்து பிடுங்கப்பட்டு மாமனாருக்குப் போனது. பத்து லட்சம் அல்ல. வலி, பயம், பயிற்சி தள்ளிப்போன வாரங்கள் என்று மூன்று காரணம் சொல்லி, கட்டில் விலையில் பாதிக்கும் குறைவான ஒரு தொகை. வழக்குச் செலவு கடைசி வரி. கூடவே, மன்றம் பொருத்தமெனக் கருதும் பிற பரிகாரம் என்ற வழக்கமான வால்.

"எனக்குன்னு ஒரு உளைச்சலும் இல்லையா மேடம்?" என்று படியிறங்கும்போது ரகசியமாகக் கேட்டார் பெயிண்ட் கடைக்காரர்.

"இருக்கு சார். ரசீதுதான் இல்ல."

*

மன்றத்தில் தவணைகள் நகர்ந்தன. கம்பெனி வக்கீல் 'அங்கீகாரமற்ற நபர்' என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். தலைவர் சகலையின் வாக்குமூலத்தைப் புரட்டி, "வாடிக்கையாளர் சேவை போனை எடுத்திருந்தால் அங்கீகாரம் பெற்ற நபரே வந்திருப்பாரே?" என்று கேட்டார். அதற்கு எதிர்தரப்பில் பாட்டுக்கூட இல்லை.

உத்தரவு வந்தது. கட்டில் பணம் வட்டியோடு. வாடகை முழுதாக. மருத்துவச் செலவு முழுதாக. உளைச்சல் தொகையில் மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். மற்ற எதையும் தொடவில்லை. வெட்டுவதற்கு அனாதை எதுவும் இல்லை. அன்று மாலை மாமனார் அதைப் பேத்தியை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். ஐந்தாம் பக்கத்தில் 'புகார்தாரரின் சகலை காட்டிய நிதானம் பாராட்டத்தக்கது' என்று ஒரு வரி இருந்தது. சகலை அதை மறுபடி படிக்கச் சொன்னார். பெயிண்ட் கடைக்காரர் முதல் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அதில் முதலாம் புகார்தாரர் என்று அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சகலையின் கண் அந்தக் கொட்டை எழுத்திலேயே கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்துக்கொண்டார். வழக்குச் செலவு வசூலாகிவிட்டது.

பணம் வந்த வாரமே எல்லாருமாகக் கட்டில் கடைக்குப் போனார்கள். மாமனார் கைத்தடியோடு தானே நடந்து வந்தார். மோட்டார், ரிமோட், மடிப்பு எதுவும் இல்லாத, நாலு கால் மட்டும் உள்ள ஒரு மரக்கட்டிலைத் தட்டிப் பார்த்து, "இது," என்றார்.

கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார். "பில் யார் பேருக்குங்க?"

பெயிண்ட் கடைக்காரர் பாக்கெட்டில் கை விட்டார். அதே நொடியில் சகலையும் விட்டார். இருவர் முழங்கைகளும் இடித்துக்கொண்டன.

"மூத்தவன் நான்."

"போன தடவை நீங்க. இந்தத் தடவை நான். நியாயம்னு ஒண்ணு இருக்கே சகல!"

"விலையைக் கேட்டீங்களா முதல்ல?"

"கேக்காமலே தரேன்!"

மாமனார் கைத்தடியைக் கல்லாவுக்கு முன்னால் குறுக்கே நீட்டினார், சிக்னல் கை மாதிரி. இரண்டு வண்டியும் நின்றன. மறுகையால் தன் பர்ஸை எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தார்.

"என் பேருக்கே போடுங்க தம்பி. படுக்கறவன் நான்." பிறகு மாப்பிள்ளைகள் பக்கம் திரும்பாமலே, "ஏதாச்சும் ஆச்சுன்னா புகாரும் நானே கொடுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இப்போதைக்கு ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு வண்டியில ஏத்துங்க," என்றார்.

ஏற்றினார்கள். தலைமாட்டுப் பக்கம் யார் பிடிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் நேரம் ஆனது.